கேன்டீன் எங்கே என்று யாரைக் கேட்பது?

கோவைக்கு வெளியே பம்பு மோட்டார் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்று. ஆலையும் அலுவலகமுமாகச் சேர்ந்து சுமார் 400 பேர். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் போட்டுக் காட்டும் வீடியோவுக்குப் புது ஸ்கிரிப்ட் எழுதித் தரும்படி அங்கிருந்து அழைப்பு வந்தது. விளம்பரப் படங்களுக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்கு இது சின்ன வேலையாகத்தான் தெரிந்தது.

முதலில் பழைய வீடியோவைப் பார்த்தேன். 22 நிமிடம். டிரோனில் எடுத்த ஆலைக் கூரை, மாலை போட்ட நிறுவனர் படம், அவர் ஒற்றை லேத்துடன் தொழில் தொடங்கிய கதை, வாங்கிய விருதுகள், ஏற்றுமதியாகும் நாடுகளின் வரைபடம். கடைசியில் நிர்வாக இயக்குநர் கோட் போட்டுக்கொண்டு, "எங்கள் குடும்பத்துக்கு உங்களை வரவேற்கிறோம்" என்கிறார். வாடிக்கையாளருக்குக் காட்டியிருந்தால் ஆர்டர் கிடைத்திருக்கும். அவ்வளவு நன்றாகவே எடுத்திருந்தார்கள்.

பிறகு, கடந்த இரண்டு மாதத்தில் சேர்ந்தவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசினேன். எல்லோரிடமும் ஒரே கேள்வி: முதல் வாரத்தில் யாரிடமும் கேட்க வெட்கப்பட்ட விஷயம் எது?

டிசைன் பிரிவில் சேர்ந்த ஓர் இளைஞர் முதல் நாள் மதியம் சாப்பிடவே இல்லை. கேன்டீன் இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் டோக்கன் காலை பத்து மணிக்குள் வாங்க வேண்டும் என்பது தெரியாது. வரிசையில் நின்று, முன்னால் நிற்பவர்கள் எல்லாரும் டோக்கன் நீட்டுவதைப் பார்த்ததும் மெல்ல நழுவி இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். "யாரையாவது கேட்டிருக்கலாமே?" என்றேன். "யார் பேரும் தெரியாதுங்க. அண்ணான்னு கூப்பிடறதா, சார்னு கூப்பிடறதான்னும் தெரியல" என்றார்.

கணக்குப் பிரிவுக்கு வந்த பெண்ணுக்குப் பெண்கள் கழிவறை எந்த மாடியில் என்று தெரிய மதியமாகிவிட்டது. இன்னொருவர் மாதக் கடைசியில் சேர்ந்தவர். அந்த மாதச் சம்பளக் கணக்கு 25-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், 27-இல் சேர்ந்தவருக்கு அடுத்த மாதக் கடைசியில்தான் முதல் சம்பளம் வந்தது. அதுவரை கடன் வாங்கிச் சமாளித்திருக்கிறார். "முன்னாடியே சொல்லியிருந்தா பழைய கம்பெனியில நாலு நாள் தள்ளி ரிலீவ் ஆகியிருப்பேன்" என்றார்.

22 நிமிட வீடியோவில் இதில் ஒன்றுக்கும் பதில் இல்லை. ஏற்றுமதியாகும் நாடுகளின் எண்ணிக்கையை யாருமே என்னிடம் கேட்கவில்லை.

இந்த இடைவெளியை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நிறுவனம் அளந்து பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ஏர்ல் கோமர்சால், ஸ்காட் மையர்ஸ் என்ற இருவர் நடத்திய சோதனை அது. 1966-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரெவ்யூவில் கட்டுரையாக வந்தது. மின்னணுச் சில்லுகளைப் பூட்டும் வேலைக்கு வந்த பெண்களுக்கு வழக்கமாக இரண்டு மணி நேர அறிமுகம் நடக்கும்: வேலை நேரம், விதிமுறை, சலுகைகள். உடனே மேற்பார்வையாளரிடம் அனுப்பிவிடுவார்கள். சோதனைக் குழுவுக்கும் அதே இரண்டு மணி நேரம் உண்டு. ஆனால் அதன்பின் அந்த நாள் முழுக்க வேலை கிடையாது. ஒரு அறையில் உட்கார்ந்து பேசினார்கள்.

அங்கே சொன்னது நான்கே விஷயம். ஒன்று, இந்த வேலை உங்களுக்கு வந்துவிடும். உங்களுக்கு முன் சேர்ந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வந்திருக்கிறது, இதோ கணக்கு. இரண்டு, பழைய ஆட்கள் பயமுறுத்துவார்கள், அது சும்மா விளையாட்டு, காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மூன்று, நீங்களாகப் போய்க் கேளுங்கள். கேட்டால் முட்டாள் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். நான்கு, உங்கள் மேற்பார்வையாளர் இப்படிப்பட்டவர். இந்த நான்காவதில் அவர்கள் காட்டிய நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் கண்டிப்பானவர், ஆனால் சிநேகமானவர்; மீன் பிடிப்பதும் ஹாம் ரேடியோவும் அவர் பொழுதுபோக்கு; கொஞ்சம் கூச்ச சுபாவம், நீங்கள் பேச்சுக் கொடுத்தால் மகிழ்ச்சியாகப் பேசுவார் என்ற அளவுக்கு ஆளை அறிமுகப்படுத்தினார்கள்.

விளைவு: பயிற்சிக்கு ஆன காலம் பாதியாகக் குறைந்தது. வேலைக்கு வராமலிருப்பதும் தாமதமாக வருவதும் பாதியாகின. கழிவாகும் சரக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கியது. ஒரு நாள் உற்பத்தியை விட்டுக்கொடுத்ததற்குக் கிடைத்த பலன் இது.

என் ஸ்கிரிப்டுக்கு இதுதான் அடித்தளம். புதியவரிடம் இருப்பது தகவல் பஞ்சத்தைவிடப் பெரிய ஒன்று: பயம். வீடியோ முதலில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இனி எழுதும் வேலைக்கு வருகிறேன். வீடியோ ஸ்கிரிப்ட் என்பது கட்டுரையைப் போல நீளமாக ஓடுவதல்ல. தாளை இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொள்வோம். இடது பக்கம் திரையில் தெரிவது, வலது பக்கம் காதில் விழுவது. எழுதும்போதே ஒரு தவறு கண்ணில் படும்: இரண்டு பக்கமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கும். திரையில் முழு வாக்கியத்தைப் போட்டு, அதையே குரலும் வாசித்தால், பார்ப்பவர் படிக்கவும் முடியாமல் கேட்கவும் முடியாமல் திண்டாடுவார். திரையில் டோக்கன் கவுன்ட்டரைக் காட்டினால் போதும், "பத்து மணிக்குள்" என்பதைக் குரல் சொல்லட்டும்.

அடுத்தது நீளம். தமிழில் ஒரு சொல்லுக்குள்ளேயே நாலு விகுதி ஒட்டிக்கொண்டிருப்பதால் ஆங்கிலத்தைப் போல நிமிடத்துக்கு 140 சொல் என்று கணக்குப் போட முடியாது. இடைவெளி விட்டு நிதானமாகப் பேசினால் என் அனுபவத்தில் நிமிடத்துக்கு 90 சொல்தான் வருகிறது. அப்படியானால் 4 நிமிட வீடியோவுக்கு 360 சொல். மனிதவளத் துறை எனக்குக் கொடுத்த "கட்டாயம் சொல்ல வேண்டியவை" பட்டியலே 1,900 சொல் இருந்தது. அதைக் குரலில் ஏற்றினால் 21 நிமிடம். பழைய வீடியோ எப்படி 22 நிமிடம் ஆனது என்பது அப்போது புரிந்தது.

எட்எக்ஸ் இணைய வகுப்புகளில் மாணவர்கள் வீடியோ பார்த்த 69 லட்சம் அமர்வுகளைப் பிலிப் குவோவும் அவருடைய சகாக்களும் 2014-இல் ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமானாலும், மாணவர்கள் அதில் தங்கும் நேரம் பொதுவாக 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. அவர்கள் விருப்பப்பட்டு வந்தவர்கள், எழுந்து போகும் சுதந்திரம் உள்ளவர்கள். நம் புதியவரோ கான்ஃபரன்ஸ் அறையில் உட்கார வைக்கப்பட்டவர்; எழுந்து போக முடியாது, மனசு மட்டும் போய்விடும். ஆகவே ஒரே வீடியோவை நான்காக உடைத்தேன். அதைவிட முக்கியமாக, எந்தத் துண்டை எந்த நாளில் பார்க்க வேண்டும் என்று பிரித்தேன். லேப்டாப் புதன்கிழமைதான் கைக்கு வரும் என்றால், அதில் நுழையும் முறையைத் திங்கட்கிழமை சொல்லி என்ன பயன்?

மொழி இன்னொரு தலைவலி. முதல் வரைவை "நீங்கள் வருகைப் பதிவைக் காலை 9 மணிக்குள் மேற்கொள்ள வேண்டும்" என்ற நடையில் எழுதியிருந்தேன். அதைக் குரல் கொடுப்பவர் வாசித்ததும் ஆகாசவாணிச் செய்தி போல ஒலித்தது. முழுக் கொச்சையிலும் போக முடியாது. மதுரைக்காரருக்கும் நாகர்கோவில்காரருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். கடைசியில் மரியாதையான பேச்சுத் தமிழ் என்று முடிவானது. "வாங்க, போடுங்க, கேளுங்க". ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தியில் தனிக் குரல் பதிவு செய்தோம். அடியில் எழுத்து ஓடவிட்டால் போதும் என்று முதலில் நினைத்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர்களும் அவர்களில் உண்டு என்று ஆலைப் பக்கத்து ஆள்தான் நினைவுபடுத்தினார்.

முதல் துண்டு 2 நிமிடம். இது சேருவதற்கு ஒரு வாரம் முன்பே கைப்பேசிக்குப் போய்விடும். அதன் தொடக்கம் இப்படி:

படம்: மெயின் கேட். பைக்கில் வரும் ஒருவரைச் செக்யூரிட்டி நிறுத்துகிறார்.
குரல்: முதல் நாள் எட்டே முக்காலுக்கு வந்தாப் போதும். கேட்டுல உங்க பேர் போட்ட லிஸ்ட் இருக்கும். ஐடி கார்டு இன்னும் வந்திருக்காது, அதனால ஆதார் கையில வச்சுக்குங்க.
படம்: செருப்பு, அதன் பக்கத்தில் ஷூ.
குரல்: செருப்போட வந்தா ஆலைக்குள்ள விடமாட்டாங்க. ஷூ கட்டாயம்.

இதே துண்டில்தான் சம்பளத் தேதியும் வருகிறது. "25-ஆம் தேதிக்கு அப்புறம் சேர்ந்தா, முதல் சம்பளம் அடுத்த மாசக் கடைசியிலதான். சேர்ற தேதியை முடிவு பண்றதுக்கு முன்னாடி இதை மனசுல வச்சுக்குங்க." இந்த வரியை வைக்க மனிதவளத் துறை தயங்கியது. ஆட்கள் தேதியைத் தள்ளிப்போடுவார்களே என்றார்கள். தள்ளட்டும், நாலு நாள்தானே. கடன் வாங்கிக்கொண்டு முதல் மாதத்தை ஓட்டுகிறவர் கம்பெனியைப் பற்றி வீட்டில் என்ன சொல்வார் என்று கேட்டேன். வரி நின்றது.

காகிதங்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம் மட்டும் சொன்னேன், ஆனால் அதை விரிவாகச் சொன்னேன்: பெயர். தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. ஆதாரில் "எஸ். கார்த்திக்", பள்ளிச் சான்றிதழில் "கார்த்திக் எஸ்", பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து "கார்த்திக் சுப்பிரமணியன்". பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் இடத்தில் இனிஷியலை மட்டும் எழுத விடமாட்டார்கள், அதனால் வந்த வினை. வேலைக்குச் சேரும்போது இது யாருக்கும் உறுத்தாது. சில வருடம் கழித்து வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுக்கப் போகும்போது, பி.எஃப். கணக்கில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று விண்ணப்பம் திரும்பி வரும். இன்னொன்று, முன்பு வேலை பார்த்தவருக்கு ஏற்கெனவே யு.ஏ.என். எண் இருக்கும். அது ஆளுக்கு ஒன்றுதான், கம்பெனி மாறினாலும் மாறாது. பழைய எண்ணைச் சொல்லாமல் விட்டுப் புதிதாக ஒன்று உருவானால், பழைய பணம் ஒரு எண்ணில், புதுப் பணம் ஒரு எண்ணில் என்று கிடக்கும். வீடியோவில் இதற்கு 40 விநாடி ஒதுக்கினோம். இரண்டு நிமிடத் துண்டில் அது பெரிய இடம்.

இரண்டாவது துண்டு முதல் நாளுக்கானது, 4 நிமிடம். நடையாக எடுத்தோம். கேமரா ஒரு புதியவரின் கண் உயரத்தில் கேட்டிலிருந்து கிளம்பி, ரிசப்ஷன், வருகைப் பதிவுக் கருவி, குடிநீர், கழிவறை, கேன்டீன் டோக்கன் கவுன்ட்டர், முதலுதவிப் பெட்டி, தீ அபாயத்தில் கூடும் இடம் என்று நடந்து போகிறது. வெட்டு இல்லாத நடை என்பதால் வழி மனதில் நிற்கிறது. டிரோனிலிருந்து பார்த்த கூரை யாருக்கும் வழி காட்டாது.

மூன்றாவது, மனிதர்கள். எழுதக் கடினமான துண்டும் இதுதான், ஏனென்றால் மேலிருப்பவர்கள் எல்லோரும் இதில் முகம் காட்ட ஆசைப்பட்டார்கள். அமைப்பு விளக்கப்படம் ஒன்றைக் கொடுத்தார்கள். உச்சியில் நிர்வாக இயக்குநர், கீழே கிளை கிளையாக 30 பெட்டி. அதை எடுத்து வைத்துவிட்டு வேறு கேள்வி கேட்டேன்: முதல் வாரத்தில் புதியவருக்கு எந்தெந்தத் தேவை வரும், அதற்கு யாரிடம் போக வேண்டும்? ஏழு பேர் தேறினார்கள். அவர்களில் இயக்குநர்கள் யாரும் இல்லை. ஸ்டோர்ஸ் பொறுப்பாளர், ஐ.டி. ஆள், சம்பளக் கணக்குப் பார்க்கும் அம்மா, கேட் காவலர், வண்டி ரூட் பார்ப்பவர், பாதுகாப்பு அதிகாரி, லைன் சூப்பர்வைசர்.

டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் நான்காவது விஷயத்தை இங்கே பயன்படுத்தினேன்:

படம்: அசெம்பிளி லைன். சூப்பர்வைசர் உரக்கப் பேசுகிறார், பிறகு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்.
குரல்: இவர் குரலைக் கேட்டு கோபப்படறார்னு நினைச்சுடாதீங்க. இருபது வருஷமா மெஷின் சத்தத்துக்கு நடுவுல பேசிப் பேசி வந்த குரல். ஒரே விஷயத்தை ரெண்டு தடவை கேட்டா திட்டமாட்டார். கேட்காம செஞ்சாத்தான் திட்டுவார்.

அவர் இதைக் கேட்டுவிட்டு, "இது நெசந்தானுங்க, அப்படியே வைங்க" என்றார். இப்படி எழுதுவதற்கு முன் அந்த ஆளின் சம்மதமும், அவருக்குக் கீழே வேலை செய்பவர்களின் சாட்சியும் தேவை. இல்லாத குணத்தை வீடியோவில் ஏற்றிச் சொன்னால் இரண்டாம் நாளே சாயம் வெளுத்துவிடும்.

யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதற்கும் இங்கே 15 விநாடி. "ஆபீஸ்ல சார், மேடம். லைன்ல அண்ணா, அக்கா. உங்களைவிடச் சின்னவங்களா இருந்தாலும் முதல் மாசம் வாங்க, போங்கதான்." இது விதிமுறைப் புத்தகத்தில் இருக்காது. பசியோடு நழுவிய அந்த இளைஞருக்காக எழுதிய வரி.

பெண்களுக்குப் பணியிடத்தில் நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பற்றியும் இந்தத் துண்டில்தான் வருகிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் விசாரணைக் குழு இருந்தே ஆக வேண்டும். தலைமை மூத்த பெண் ஊழியரிடம். நிறுவனத்துக்கு வெளியிலிருந்தும் ஓர் உறுப்பினர். புகார் கொடுக்கப் பொதுவாக 3 மாத அவகாசம். பழைய வீடியோவில் சட்டத்தின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் ஒரு சிலைடாக வந்து போனது. நான் சட்டத்தை விளக்கவே இல்லை. குழுத் தலைவியை அவர் மேசையிலேயே உட்கார வைத்து, "என் இடம் முதல் மாடி, படிக்கட்டுப் பக்கத்து ரூம். கதவைத் தட்டிட்டு வாங்க. எழுத வராட்டி நாங்களே எழுதிக்கிறதுக்கு உதவி பண்றோம்" என்று சொல்ல வைத்தேன். எழுதித் தர முடியாதவருக்கு உதவ வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது, ஆகவே அது அவர் காட்டும் சலுகை இல்லை.

நான்காவது துண்டு கருவிகள். 5 நிமிடம், புதன்கிழமை. இங்கே நான் முதலில் தவறு செய்தேன். மின்னஞ்சல், டீம்ஸ், விடுப்பு விண்ணப்பம், ஈ.ஆர்.பி. என்று ஒவ்வொன்றின் திரையையும் பதிவு செய்து, எந்த பட்டனை எங்கே அழுத்துவது என்று விளக்கி எழுதினேன். வீடியோ முடிந்து ஆறு வாரத்தில் விடுப்புச் செயலியின் முகப்பு மாறிவிட்டது. பட்டன் இடமும் மாறி, நிறமும் மாறி, வீடியோ புதியவரைத் தவறான இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. எடிட்டரைக் கூப்பிட்டு அந்தப் பகுதியைத் தூக்க வேண்டியதாயிற்று. பட்டன் எங்கே என்பது ஒரு பக்கத் தாளில் இருக்கட்டும், அதை யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் திருத்தலாம். எதற்கு எந்தக் கருவி, தவறினால் என்ன ஆகும் என்பதை மட்டும் வீடியோ சொன்னால் போதும்.

அப்படிப் பார்த்ததில் மூன்று விஷயம்தான் மிஞ்சியது.

ஒன்று, வருகைப் பதிவு. மெஷினில் வேலை செய்கிறவர்களுக்குக் கைரேகை தேய்ந்து, எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, கருவி சில நாள் விரலை ஏற்காது. பதிவாகாத நாள் சம்பளத்தில் கழியும். அதனால், "பச்சை விளக்கு எரிஞ்சதான்னு பாருங்க. எரியலன்னா அன்னிக்கே சூப்பர்வைசர்கிட்ட சொல்லுங்க, 25-ஆம் தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க."

இரண்டு, டிராயிங். இதற்கு ஒரு நிகழ்ச்சியே கிடைத்தது. சேர்ந்து பத்து நாளான ஒரு பொறியாளர், தன் குழுவின் வாட்ஸ்அப்பில் கிடந்த ஷாஃப்ட் வரைபடத்தை எடுத்துக் கடைசல் பிரிவுக்குக் கொடுத்துவிட்டார். அது திருத்தம் பி. சர்வரில் இருந்ததோ திருத்தம் சி. பேரிங் உட்காரும் இடத்தின் விட்டம் அதில் மாறியிருந்தது. 60 ஷாஃப்ட் கடைந்து முடித்த பிறகு, அசெம்பிளியில் பேரிங் இறுக்கமாக உட்காராமல் லொடலொடவென்று ஆடியபோதுதான் தெரிந்தது. எல்லாம் ஸ்கிராப். புதியவரை யாரும் திட்டவில்லை, ஏனென்றால் வாட்ஸ்அப்பில் போட்டதே ஒரு சீனியர். ஸ்கிரிப்டில் அந்த ஷாஃப்டையே கையில் எடுத்துக் காட்டுகிறோம். "டிராயிங் சர்வர்லருந்து மட்டும். கீழ வலது மூலையில திருத்த எழுத்தைப் பாருங்க. சந்தேகம்னா நிறுத்துங்க." வாட்ஸ்அப் கூடாது என்று பொதுவாக அறிவுரை சொல்லியிருந்தால் யாருக்கும் உறைத்திருக்காது. வீணான ஷாஃப்ட் கண் முன் இருக்கும்போது உறைக்கிறது.

மூன்று, மோசடி. புதிதாகச் சேர்ந்தவர் லிங்க்ட்இன்னில் "மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறேன்" என்று போட்ட சில நாளில் அவருக்கு நிர்வாக இயக்குநர் பெயரில் ஒரு செய்தி வரும். "மீட்டிங்கில் இருக்கிறேன், போன் எடுக்க முடியாது. அவசரமாகப் பரிசு அட்டைகள் வாங்கி எண்களை அனுப்பவும், பிறகு பணம் தந்துவிடுகிறேன்." பழைய ஊழியர் பார்த்தவுடன் சிரித்துவிடுவார், இயக்குநர் இப்படிப் பேசவே மாட்டார் என்று அவருக்குத் தெரியும். புதியவருக்கு அது தெரியாது, மறுக்கவும் பயம். மோசடிக்காரர்கள் புதியவர்களைக் குறி வைப்பதே இதனால்தான். நிர்வாக இயக்குநர் திரையில் முகம் காட்ட ஆசைப்பட்டார் என்றேனே, அவருக்கு ஒதுக்கிய இடம் இதுதான். கோட் இல்லாமல், தன் மேசையில் உட்கார்ந்து சொல்கிறார்: "நான் உங்ககிட்ட பரிசு அட்டை கேட்கமாட்டேன், ஓ.டி.பி. கேட்கமாட்டேன். என் பேர்ல அப்படி மெசேஜ் வந்தா ஐ.டி.க்குக் காட்டுங்க. ஒருவேளை அது நிஜமாவே நானா இருந்தாலும் உங்க மேல கோவிச்சுக்க மாட்டேன்." மொத்த வீடியோவிலும் அவர் பேசுவது 20 விநாடிதான். 22 நிமிடப் படத்தில் பேசியதைவிட இது நன்றாக இருக்கிறது என்று அவரே சொன்னார்.

இப்படி எழுதியதிலும் ஓட்டை இருந்தது. ஏழு பேரில் ஒருவர், வண்டி ரூட் பார்ப்பவர், நான்கு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். போன ஆளின் முகம் திரையில் சிரித்துக்கொண்டிருந்தால் புதியவருக்கு முதல் நாளே சந்தேகம் வரும். நல்லவேளை, ஒவ்வொருவரையும் தனித்தனி 20 விநாடித் துண்டாக எடுத்து, குரலில் பெயர் சொல்லாமல் பொறுப்பை மட்டும் சொல்லியிருந்தோம். பெயர் கீழே எழுத்தாக மட்டும் வரும். ஒரு துண்டைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்ட அரை நாள்தான் ஆனது.

வீடியோ வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? "பிடித்திருந்ததா?" என்று படிவம் நீட்டினால் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போடுவார்கள், முதல் வாரத்தில் யார் குறை சொல்லப்போகிறார்கள்? நாங்கள் வேறு வழி பார்த்தோம். வெள்ளிக்கிழமை மாலை புதியவரிடம் மூன்றே கேள்வி: சம்பளக் கணக்கு எந்தத் தேதியில் முடிகிறது, விரல் பதிவாகாவிட்டால் யாரிடம் போவீர்கள், டிராயிங் சரியானதுதானா என்று எங்கே பார்ப்பீர்கள். பதில் வராவிட்டால் தவறு ஸ்கிரிப்டில். முதல் மாதம் இரண்டாவது கேள்வியில் பலர் தடுமாறினார்கள். பார்த்தால், அந்த வரி ஓடும்போது பின்னணி இசை தூக்கலாக இருந்தது.

வீடியோவால் முடியாததும் உண்டு. விப்ரோவின் பி.பி.ஓ. பிரிவில் டேனியல் கேபிள், பிரான்செஸ்கா ஜினோ, பிராட்லி ஸ்டாட்ஸ் ஆகியோர் 600-க்கும் மேற்பட்ட புதியவர்களிடம் செய்த ஆய்வு 2013-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு முதல் நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கி, கம்பெனியின் பெருமையைச் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம், நீங்கள் எந்த வேலையில் சிறப்பாக இருப்பீர்கள் என்று கேட்டு அவர்களையே பேச வைத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பேச வைக்கப்பட்டவர்களில்தான் வேலையை விட்டுப் போனவர்கள் குறைவு. திரை எவ்வளவு அழகாகப் பேசினாலும், எதிரில் இருப்பவரைப் பேச வைக்க அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் கருப்புத் திரையில் ஒரே வரி வரும்: "இப்ப உங்க பக்கத்துல இருக்கறவர் 10 நிமிஷம் உங்களுக்காக இருப்பார். கேளுங்க." அந்தப் பக்கத்து ஆளை நியமிப்பதுதான் நிறுவனத்துக்குச் சிரமமாக இருந்தது. வீடியோவுக்கு ஒரு முறை பணம் கொடுத்தால் முடிந்தது, ஆளுக்கு வாராவாரம் நேரம் கொடுக்க வேண்டும். இன்றும் சில திங்கட்கிழமைகளில் கருப்புத் திரை வரும்போது பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் சமீபத்தில் புது வேலையில் சேர்ந்தவர்கள் இருக்கலாம். முதல் வாரத்தில் நீங்கள் கேட்கத் தயங்கியவற்றை இன்றே ஒரு தாளில் எழுதி உங்கள் மனிதவளத் துறையிடம் கொடுத்துவிடுங்கள். மூன்று மாதம் தாண்டியவர்களிடம் நான் கேட்டுப் பார்த்தேன். கேன்டீன் டோக்கனை யார் சொல்லித் தெரிந்துகொண்டோம் என்பது அவர்களுக்கு ஞாபகமே இல்லை.